பரங்கிக்கொடியை வெட்டிப் பார்த்தால் மூன்று திசுவும் தெரியும்

கேள்வி: ஐயா, நீடாமங்கலம் பக்கம் ப்ளஸ் ஒன் படிக்கிற மாணவன் நான். பாரன்கைமா, கோலன்கைமா, ஸ்கிளிரன்கைமா வேறுபாட்டு அட்டவணை எனக்கு மனப்பாடம். ஆனால் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் எது எது என்று தெரியவில்லை. கோலன்கைமா, ஸ்கிளிரன்கைமா இரண்டுக்கும் தடித்த சுவர்தான், இரண்டும் தண்டைத் தாங்கத்தான் என்கிறார்கள். ஒரே வேலைக்கு எதற்கு இரண்டு திசு? இளம் தண்டில் எது எங்கே இருக்கும்?

பதில்:

தம்பி, அட்டவணையைக் கொஞ்ச நேரம் மூடி வை. உங்கள் வேலியிலோ கொல்லையிலோ ஒரு பரங்கிக்கொடி ஓடிக்கொண்டிருக்கும். மார்கழியில் கோலத்து நடுவே சாணிப்பிள்ளையாருக்கு வைக்கப் பூப் பறிப்போமே, அந்தக் கொடிதான். பாடப்புத்தகம் சூரியகாந்தித் தண்டைத்தான் காட்டும், அதற்கும் பிறகு வருகிறேன். எனக்கு முதலில் பரங்கிதான். மூன்று திசுவும் அதில் தனித்தனிப் பட்டையாக, ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கும். தண்டும் பெரிது, பிளேடு பிடிக்கத் தோதாக இருக்கும்.

கொடியின் நுனியிலிருந்து உள்பக்கமாக எண்ணிக்கொண்டே வா. மூன்றாவது, நாலாவது கணுவிடையை விரலால் வளைத்துப் பார். ஒடியாமல் வளையும், விட்டால் ஓரளவுக்குத் திரும்பும். நகம் சுலபமாக இறங்கும். அப்படியே பத்தாவது கணுவிடைக்குப் போ. நகம் மேல்தோலைத் தாண்டியதும் ஏதோ தடுக்கும். வளைத்தால் விறைப்பாக நிற்கும், ரொம்ப வளைத்தால் படக்கென்று விட்டுப்போகும். ஒரே கொடி, ஒரே தண்டு. இந்த இரண்டு இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் நீ கேட்ட "எதற்கு இரண்டு திசு" என்பதற்கான விடை இருக்கிறது.

எத்தனையாவது கணுவிடை என்பது கொடிக்குக் கொடி மாறும். அதனால் ஒரு சின்ன வேலை செய். பால்பாயிண்ட் பேனாவால் கணுவிடையில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போடு. மறுநாள் அளந்து பார். கோடுகள் விலகியிருந்தால் அந்த இடம் இன்னும் நீண்டுகொண்டிருக்கிறது. அப்படியே இருந்தால் நீளுவது முடிந்துவிட்டது. வெட்டுவதற்கு இரண்டிலும் ஒவ்வொரு துண்டு வேண்டும்.

சரி, நீளுகிற துண்டை முதலில் குறுக்கே வெட்டுவோம். வெறும் கண்ணுக்கே தெரிகிற ஒன்று, தண்டு உருண்டையாக இல்லை. ஐந்து மேடு, ஐந்து பள்ளம். நடுவில் ஓட்டை. பூதக்கண்ணாடி இருந்தால் பத்து வாஸ்குலக் கற்றைகளும் தெரியும்: மேடுகளுக்கு நேராக வெளிவட்டத்தில் ஐந்து, பள்ளங்களுக்கு நேராக உள்வட்டத்தில் ஐந்து.

இப்போது மைக்ராஸ்கோப். சாயம் எதுவும் போடாமல், பச்சைச் சீவலை ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்துப் பார். நான் முப்பது வருஷம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே உபாயம் இதுதான்: செல்லைப் பார்க்காதே, மூன்று செல்கள் கூடுகிற மூலையைப் பார்.

ஓட்டையைச் சுற்றி உள்ள பெரிய பெரிய செல்களில் ஆரம்பி. மூன்று செல் சேருகிற மூலையில் ஒரு குட்டி முக்கோண இடைவெளி இருக்கும். அது காற்று. சுவர் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மெல்லிசு. இது பாரன்கைமா. உயிருள்ள செல். உள்ளே பெரும்பகுதியை நீர் நிரம்பிய வாக்குவோல் அடைத்திருக்கும், சைட்டோபிளாசம் சுவரோரம் ஒட்டிக்கொண்டு மெல்லிய படலமாக இருக்கும்.

அங்கிருந்து விளிம்புக்கு, ஒரு மேட்டுக்கு நேராகப் போ. புறத்தோலுக்கு அடியில் ஆறேழு அடுக்குச் செல்கள், மூலைகளில் மட்டும் பளபளவென்று முத்துப்போல் மினுங்கும். காற்று இருக்க வேண்டிய மூலை முழுக்கச் சுவர்ப்பொருளால் அடைபட்டிருக்கிறது. ஆனால் இரண்டு செல்லுக்கு நடுவே உள்ள நேர்ச்சுவரைப் பார்த்தால் மெல்லிசாகவே இருக்கும். மூலை தடிப்பு, பக்கம் மெலிவு. இது கோலன்கைமா. இதில் மூலைக்கோலன்கைமா என்ற வகை. செல்களுக்கு உயிர் உண்டு, சிலவற்றில் பச்சையமும் இருக்கும். குறுக்கே பார்க்கும்போது சின்னதாகத் தெரிந்தாலும் நெடுக்கே இவை நீளமானவை. ஒரு செல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வரைகூடப் போகும்.

பள்ளத்துக்கு நேராகப் பார்த்தால் கோலன்கைமா இரண்டு மூன்று அடுக்காகச் சுருங்கும், சில இடத்தில் அறவே இருக்காது. அங்கே பச்சை நிறப் பாரன்கைமா, அதாவது குளோரன்கைமா, புறத்தோலைத் தொட்டுக்கொண்டு நிற்கும். இது தற்செயல் இல்லை. தடித்த மூலைகளால் அடைபட்ட இடத்தில் காற்று உள்ளே போக வழி கிடையாது. ஒளிச்சேர்க்கைக்குக் காற்று வேண்டும், இலைத்துளை வேண்டும். ஆக மேடு தாங்குகிறது, பள்ளம் மூச்சு விடுகிறது.

மூன்றாவது திசு எங்கே? புத்தகப்படி, புறணியைத் தாண்டியதும் அலைபோல் வளைந்தோடும் ஓர் அடுக்கு அகத்தோல். அயோடின் ஒரு சொட்டு விட்டால் அதிலுள்ள தரசம் கருநீலமாகும், எனவேதான் தரச அடுக்கு என்ற பெயர். அதற்கு உடனே உள்ளே நாலைந்து அடுக்குத் தடிமனில் ஸ்கிளிரன்கைமா வளையம், தண்டைச் சுற்றி முழுசாக. இதைப் பாடப்புத்தகம் பெரிசைக்கிள் என்று சொல்லும். தேர்வில் நீயும் அப்படியே எழுது.

இங்கேதான் பல பேர் மாட்டுவார்கள். நானே மாட்டியிருக்கிறேன். விரிவுரையாளராகச் சேர்ந்த முதல் வருஷம், செய்முறை வகுப்புக்கு முதல்நாள் சாயங்காலம் கொல்லையில் போய் நல்ல பிஞ்சுத் தண்டாகப் பார்த்துப் பறித்துக்கொண்டு போனேன். பிஞ்சு என்றால் வெட்ட சுலபம் என்ற நினைப்பு. மாணவர்கள் சீவினார்கள், சாஃப்ரனின் போட்டார்கள், பார்த்தார்கள். "சார், சிவப்பு வளையமே இல்லை." எல்லா மேஜையிலும் அதே கதை. சாயம் பழசோ என்று புதுப் புட்டியைத் திறந்தேன். அப்போதும் இல்லை. அப்புறம் பக்கத்தில் இருந்த ஆய்வக உதவியாளர்தான், "சார், இது கொழுந்து சார். முத்தின துண்டு எடுங்க" என்றார். அவர் தாவரவியல் படித்தவர் இல்லை. ஆனால் வருஷா வருஷம் தண்டு கொண்டுவந்து கொடுத்தவர்.

வளையத்துக்கான செல்கள் அந்தப் பிஞ்சிலும் இருந்தன. மெல்லிய சுவரோடு, நீளமாக, உயிரோடு, அதே இடத்தில் வரிசை கட்டி நின்றன. சுவரைக் கட்டையாக இறுக்கும் லிக்னின் மட்டும் இன்னும் ஏறவில்லை. லிக்னின் இல்லாவிட்டால் சாஃப்ரனின் அழுத்தமாகப் பிடிக்காது. பத்தாவது கணுவிடையை வெட்டியதும் அதே வளையம் ரத்தச் சிவப்பாக வந்தது. அங்கே செல் மூலையைப் பார்த்தால் காற்றும் இல்லை, மூலையில் மட்டும் தடிப்பும் இல்லை. சுற்றிலும் ஒரே சீரான தடித்த சுவர், நடுவில் ஊசி குத்தினாற்போல் சின்ன அறை, செல்லும் செல்லும் இறுக்கமாக ஒட்டியிருக்கும். கூர்ந்து பார்த்தால் சுவரைக் குறுக்கே துளைக்கும் மெல்லிய கோடுகள் தெரியும். அவை குழிகள், செல் உயிரோடு இருந்த காலத்துப் போக்குவரத்துப் பாதை. இப்போது செல் செத்துவிட்டது. சுவரைக் கட்டிக்கொடுத்துவிட்டு அறையைக் காலி செய்துகொண்டு போய்விட்டது.

இனி உன் முக்கியக் கேள்விக்கு வருகிறேன். இன்று விரல் நீளம் இருக்கிற கணுவிடை சில நாளில் சாண் நீளமாகிவிடும். அந்தச் சில நாளும் அது தன் நுனியை, இலையை, பற்றுக்கம்பியை எல்லாம் தாங்கியாக வேண்டும், காற்றில் ஆடியாக வேண்டும். அந்தச் சமயத்தில் ஸ்கிளிரன்கைமா வந்துவிட்டால் என்ன ஆகும்? லிக்னின் ஏறிய சுவர் நீளாது. இழுத்தால் கொஞ்சம் விரிந்து, விட்டால் பழைய நீளத்துக்கே வந்துவிடும். செல்லுக்கு உயிர் இல்லாததால் புதிதாகச் சுவர் சேர்த்து வளரவும் முடியாது. தண்டு அந்த நீளத்தோடு நின்றுபோகும், அல்லது வளையம் விட்டுப்போகும்.

கோலன்கைமா சுவர் வேறு சாதி. அதில் லிக்னின் கிடையாது. செல்லுலோஸோடு பெக்டினும் ஹெமிசெல்லுலோஸும் நிறைய. பெக்டின் என்றால் பழ ஜாமை இறுகவைக்கிற அதே பொருள், தண்ணீரைப் பிடித்துவைக்கும். கோலன்கைமா சுவரின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். பச்சையாகப் பார்க்கும்போது அது முத்துப்போல் மினுங்குவதற்கும் அந்தத் தண்ணீரே காரணம். கோலன்கைமா என்ற பெயரிலேயே பசை என்று பொருள்படும் கிரேக்கச் சொல் இருக்கிறது. இந்தச் சுவரை இழுத்தால் நீளும், நீண்டது நீண்டபடியே நிற்கும். செல் உயிரோடு இருப்பதால் நீள நீளச் சுவரை மேலும் தடிக்கவைத்துக்கொண்டே வரும். வளரும் வீட்டுக்கு வளரும் தூண் மாதிரி. காற்றில் அடிக்கடி அசைகிற செடியில் இந்தத் தடிப்பு இன்னும் கூடும் என்றும் சோதனையில் பார்த்திருக்கிறார்கள்.

ஆக, ஒரே வேலை என்பது மேலோட்டமாகப் பார்த்தால்தான். வளரும் காலத்துத் தாங்கல் கோலன்கைமா, வளர்ந்து முடிந்த இடத்துத் தாங்கல் ஸ்கிளிரன்கைமா. அட்டவணையில் நீ படித்த உயிருள்ளது, உயிரற்றது, பெக்டின், லிக்னின், நெகிழும், விறைக்கும் என்பதெல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்தே கிளைக்கும்.

அப்படியானால் பாரன்கைமா தாங்குவதே இல்லையா? தாங்குகிறது. அதை அட்டவணை சரியாகச் சொல்வதில்லை என்பது என் வெகுநாள் வருத்தம். உணவு சேமிப்பு, ஒளிச்சேர்க்கை, காயம் ஆற்றுதல் என்று எழுதிவிட்டு நிறுத்திவிடுவார்கள். சித்திரை வெயிலில் மத்தியானம் பரங்கி இலைகளைப் பார்த்திருப்பாய், எல்லாம் தொங்கிப்போய்க் கிடக்கும். சாயங்காலம் தானாக நிமிரும். நடுவில் கோலன்கைமா எங்கும் போகவில்லை, இருந்த இடத்தில்தான் இருந்தது. குறைந்தது பாரன்கைமா செல்களில் இருந்த தண்ணீர்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு சோதனை. சூரியகாந்தி விதையை மணலில் முளைக்கவிட்டு, ஒரு வாரத்து நாற்றின் தண்டை நெடுக்கே நடுவில் பிளந்துவிடு. இரண்டு பாதியும் வெளிப்பக்கமாக வளைந்து பிரியும். தண்ணீரில் போட்டால் இன்னும் சுருளும், உப்புத் தண்ணீரில் போட்டால் சுருள் தளரும். காரணம் இதுதான்: உள்ளே இருக்கிற பித் பாரன்கைமா தண்ணீர் குடித்து உப்பி நீளப் பார்க்கிறது. வெளியே இருக்கிற புறத்தோலும் அதையொட்டிய அடுக்குகளும் அதை இழுத்துப் பிடித்திருக்கின்றன. பிளந்ததும் கட்டு அவிழ்ந்துவிடுகிறது. காற்றடித்த சைக்கிள் டியூபும் அதன்மேல் டயரும் போல. டியூப் மட்டும் இருந்தால் நெளியும், டயர் மட்டும் இருந்தால் சப்பையாகும். இளம் தண்டின் விறைப்பு இந்த இரண்டும் சேர்ந்தது. பத்தாவது கணுவிடை வெயிலில் தொங்காது, அங்கே வளையம் இறுகிவிட்டதால் தண்ணீரை நம்பி நிற்க வேண்டியதில்லை.

சூரியகாந்தியில் இவை உட்காரும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன், தேர்வுக்கு அதுதான் வரும். புறத்தோலுக்கு அடியில் சில அடுக்குக் கோலன்கைமா, ஆனால் பரங்கி போல மேட்டில் மட்டும் திரளாமல் தண்டைச் சுற்றி வரும். அதற்கு உள்ளே புறணியின் பாரன்கைமா, அப்புறம் தரச அடுக்கு. ஸ்கிளிரன்கைமா இங்கே வளையமாக இல்லை. ஒவ்வொரு வாஸ்குலக் கற்றையின் தலையிலும், ஃபுளோயத்துக்கு வெளியே, பிறைபோல் ஒரு தொப்பியாக இருக்கும். கற்றைத் தொப்பி என்பார்கள். கற்றைகளுக்கு நடுவே கதிர்களும், மையத்தில் முழுப் பித்தும் பாரன்கைமாதான். ஓட்டை கிடையாது.

இரண்டு தண்டிலும் தாங்கு திசு நடுவில் இல்லாமல் விளிம்புப் பக்கமே இருப்பதைக் கவனித்தாயா? வளைக்கும்போது ஒரு பக்கம் இழுபடும், எதிர்ப்பக்கம் நசுங்கும். நடுப்பகுதிக்கு அவ்வளவு பளு வராது. வலுவை வெளியே தள்ளி வைத்தால் கொஞ்சப் பொருளிலேயே நிறைய விறைப்புக் கிடைக்கும். மூங்கில் உள்ளே காலியாக இருந்தும் பந்தக்கால் ஆகிறதே, அதே கணக்கு.

ஸ்கிளிரன்கைமாவை மைக்ராஸ்கோப் இல்லாமல் அறியவும் நம் பக்கத்தில் வழிகள் உண்டு. பூக்கட்டுகிற வாழைநாரை எடுத்துக்கொள். இலையுறையிலிருந்து உரித்துக் காயவைத்து, தண்ணீரில் நனைத்துப் பயன்படுத்துகிறோம். அதில் உயிர் போய் வாரக்கணக்கு, மாதக்கணக்கு ஆகியிருக்கும், வலு போகவில்லை. கோலன்கைமாவைக் காயவைத்துப் பார், சுவரிலிருந்த தண்ணீர் போய்ச் சுருங்கி ஒன்றுக்கும் ஆகாது. பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தேங்காய் ஒன்றே போதும், இன்னொரு பாடத்துக்கு. மட்டையில் உள்ள நார் ஸ்கிளிரன்கைமா நார்கள். நாரை அடித்துப் பிரிக்கும்போது உதிரும் பழுப்புத் தூள் அவற்றுக்கு நடுவே நிரம்பியிருந்த பாரன்கைமா. கொட்டாங்கச்சி முழுக்க ஸ்கிளிரைடு, அதாவது நீளாமல் கட்டையாக இருக்கிற ஸ்கிளிரன்கைமா செல்கள். கொய்யாச் சதையைக் கடிக்கும்போது பல்லில் நறநறக்கிறதே, அதுவும் அதுதான். இளநீர்க்காயை அரிவாள் லேசாகச் சீவுவதும், நெற்றாகிவிட்டால் முழு பலத்தோடு வெட்ட வேண்டியிருப்பதும் நமது மூன்றாம், பத்தாம் கணுவிடைக் கதைதான்.

சந்தையில் வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குகிறோம். தெரிந்தோ தெரியாமலோ லிக்னின் சோதனைதான் அது. பிஞ்சு சடக்கென்று ஒடியும், நார் ஓடியது மடங்கும், ஒடியாது. நடவுக்கு முன் வயலில் தக்கைப்பூண்டு விதைத்து, பூவெடுக்கிற பருவத்தில், நாற்பது நாற்பத்தைந்து நாளில் மடக்கி உழுவதற்கும் இதுவே ஒரு காரணம். விட்டுவிட்டால் தண்டு கட்டையாகிவிடும். லிக்னின் ஏறினது மண்ணில் மட்க வெகுநாள் பிடிக்கும்.

இப்போது ஸ்லைடு தயாரிக்கும்போது எங்கே தப்பாகும் என்று பார்ப்போம். உன் குழப்பத்தில் பாதி கண்ணில் இல்லை, பிளேடில் இருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன்.

சீவல் தடியாக இருந்தால் ஒரு செல்லின்மேல் இன்னொரு செல்லின் சுவர் படிந்து தெரியும். பாரன்கைமாகூடத் தடித்த சுவராகத் தோன்றும். முழு வட்டமாக வர வேண்டும் என்று ஆசைப்படாதே. தண்ணீரில் மிதக்கிற சீவல்களில் ஒரு ஓரம் மட்டும் கண்ணாடிபோல் இருக்கிற கால்வட்டத் துண்டை பிரஷ்ஷால் எடு. ஒரு மேடும் ஒரு பள்ளமும் அதில் இருந்தால் போதும். பிளேடு சாய்ந்து வெட்டியிருந்தால் செல்கள் எல்லாம் ஒரே திசையில் இழுத்தாற்போல் நீள்வட்டமாக இருக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வெட்டு.

சாஃப்ரனின் ஒரு நிமிஷம் போதும், பிறகு தண்ணீரில் நன்றாக அலசு. அதிக நேரம் விட்டால் எல்லாமே சிவப்பாகும், கோலன்கைமாவையும் ஸ்கிளிரன்கைமா என்று குறித்துவிடுவாய். அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொள். எதையும் அடையாளம் சொல்வதற்கு முன் சைலக் குழாய்களைப் பார். அவற்றில் லிக்னின் நிச்சயம் உண்டு, அளவுகோலாக உதவும். சைலம் நல்ல சிவப்பு, பித் வெளிர் இளஞ்சிவப்பு என்றால் சாயம் சரி. அப்போது வளையம் சிவக்கவில்லை என்றால் அது உண்மையிலேயே இன்னும் முற்றவில்லை. சைலமே சிவக்காவிட்டால் சாயத்தில் கோளாறு. பித்தும் சைலமும் ஒரே சிவப்பு என்றால் இன்னும் அலசு. அன்று எனக்கு இந்தப் பழக்கம் இருந்திருந்தால் புதுப் புட்டியைத் திறந்திருக்க மாட்டேன். சைலம் பழைய சாயத்திலேயே சிவந்துதான் இருந்தது.

உங்கள் ஆய்வகத்தில் டொலுய்டின் நீலம் இருந்தால் அதைக் கேட்டு வாங்கு. நீர்த்த கரைசலில் ஒரு நிமிஷம் வைத்துக் கழுவினால், லிக்னின் உள்ள சுவர் பச்சை கலந்த நீலமாகவும், பெக்டின் நிறைந்த கோலன்கைமா இளஞ்சிவப்பு கலந்த ஊதாவாகவும் வரும். இரண்டு தடித்த சுவரும் இரண்டு நிறத்தில் நிற்கும். வாதத்துக்கே இடமில்லை.

பெட்டியில் இருக்கிற நிரந்தர ஸ்லைடில் கோலன்கைமா உனக்குச் சரியாகப் பிடிபடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நிரந்தர ஸ்லைடு செய்யும்போது ஆல்கஹாலில் தண்ணீரை முழுக்க எடுத்துவிடுவார்கள். தண்ணீரை நம்பியிருக்கிற கோலன்கைமா மூலைகள் அதில் சுருங்கி இளைத்துப்போகும். பச்சைச் சீவலில் தெரிகிற பருமன் அதில் தெரியாது.

முற்றின தண்டில் இன்னொரு வேடிக்கை உண்டு. தண்டு பருமனாகும்போது, நீளத் தெரியாத வளையம் என்ன செய்யும்? அரிஸ்டோலோக்கியா என்ற கொடியில் இதை அழகாகப் பார்க்கலாம். உள்ளே சைலம் பெருத்துக்கொண்டே வர, ஸ்கிளிரன்கைமா வளையம் அங்கங்கே விரிசல் விடும். உடனே பக்கத்திலிருக்கிற பாரன்கைமா செல்கள் பிரிந்து பெருகி அந்த விரிசலுக்குள் புகுந்து அடைக்கும். அடைத்தவற்றில் சில பிறகு சுவர் தடித்து ஸ்கிளிரைடாகவும் மாறும். செத்த செல்லால் தன் விரிசலைத் தானே அடைக்க முடியாது, பாரன்கைமாதான் வர வேண்டும். பாரன்கைமா ஸ்கிளிரன்கைமாவாகலாம், ஸ்கிளிரன்கைமா திரும்பப் பாரன்கைமாவாகாது.

கடைசியாக நெல். நீ டெல்டாப் பிள்ளை, கட்டாயம் கேட்பாய் என்று நானே சொல்கிறேன். நெல், கரும்பு, மக்காச்சோளம் போன்ற ஒருவிதையிலைத் தாவரத் தண்டில் புறத்தோலுக்கு அடியில் கோலன்கைமா இருக்காது, நேரே ஸ்கிளிரன்கைமாதான். மக்காச்சோளத்தில் ஒவ்வொரு கற்றையைச் சுற்றியும் ஸ்கிளிரன்கைமா உறை வேறு. அப்படியானால் கோலன்கைமா இல்லாமல் அந்தத் தண்டு எப்படி நீளுகிறது? அங்கே கணுவிடை முழுக்க நீளுவதில்லை. ஒவ்வொரு கணுவுக்கும் சற்று மேலே, கணுவிடையின் அடியில் மட்டும் வளரும் பட்டை இருக்கும். மேலே உள்ள பகுதி முற்றி இறுகிவிடும், அடியில் உள்ள பிஞ்சுப் பகுதியை இலையுறை சுற்றிப் பிடித்துக்கொள்ளும். நெல் தாளின் இலையுறையை உரித்துவிட்டுத் தாளை லேசாக அசைத்துப் பார், கணுவுக்கு மேலேதான் ஒடியும்.

அதிலும் ஒரு விலக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் சாய்ந்த பயிர் இரண்டு மூன்று நாளில் நுனியை மேலே தூக்குமே, அது கணுவில் வளைகிறது. புல்வகைகளில் கணுவைச் சுற்றி இலையுறையின் அடி உப்பி ஒரு மணிக்கட்டு மாதிரி இருக்கும். அந்த இடத்தில் மட்டும் கற்றைகளின் தலையில் ஸ்கிளிரன்கைமாவுக்குப் பதில் கோலன்கைமா இருக்கிறது. தரைப்பக்கச் செல்கள் நீண்டால்தான் தாள் நிமிரும், இறுகிய நார் நீளாது என்பதால். "ஒருவிதையிலைத் தண்டில் கோலன்கைமா இல்லை" என்று தேர்வில் எழுது, மதிப்பெண் உண்டு. ஆனால் சாய்ந்த நெல்லைப் பார்க்கிறபோது அந்தக் கணுவை ஒருமுறை சீவிப் பார்த்துவிடு. பிளேடு புதுசாக இருக்கட்டும், நெல் புறத்தோலில் சிலிக்கா இருப்பதால் ஐந்தாறு வெட்டுக்கே மழுங்கிவிடும்.